டூல் பேரை மறைச்சுட்டு ப்ராஜெக்டை மட்டும் படிச்சுப் பாருங்க

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஒரு டேட்டா டீம்ல லீட். இதுவரைக்கும் இன்டர்வியூல உக்காந்து கேள்வி மட்டும்தான் கேட்டிருக்கேன், இப்பதான் ரெசியூம் ஷார்ட்லிஸ்ட் பண்ற வேலையும் எங்கிட்ட வந்திருக்கு. 40 ரெசியூம், எல்லாத்துலயும் அதே டூல் பேருங்க. ஒண்ணை மட்டும் ஆளோட பேர், லிங்க் எல்லாம் மறைச்சுட்டு இணைச்சிருக்கேன். நாலரை வருஷ அனுபவம், 22 டூல் போட்டிருக்காரு. படிக்கும்போது எங்கயோ இடிக்குது, ஆனா எங்கன்னு சொல்லத் தெரியல. இவரை ரிஜெக்ட் பண்ணிடலாமா? கூட்டி எழுதினதை பேப்பர்லயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: வணக்கம். ரிஜெக்ட் பண்ணாதீங்க, இவரைக் கூப்பிடுங்க. ஆனா 22 டூலும் தெரிஞ்ச ஆளுன்னு நம்பிக் கூப்பிட வேண்டாம். நான் படிச்ச வரைக்கும் வேலையோட சேர்ந்து நிக்கிற டூல் நாலஞ்சுதான் தேறுது, அதுக்குள்ள ஒரு விஷயம் ரொம்ப நல்லாவே தேறுது, அது இவரே பெருசா நினைக்காம நடுவுல எழுதி வச்சிருக்கிற ஒரு வரி. அதுக்கு அப்புறம் வர்றேன்.

நான் பண்றது இதான். ஸ்கில்ஸ் கட்டத்தை முதல்ல படிக்கவே மாட்டேன். நேரா ப்ராஜெக்டுக்குப் போய், அதுல வர்ற டூல் பேரு எல்லாத்தையும் பென்சிலால மறைச்சுட்டு மிச்சத்தைப் படிப்பேன். மிச்சம் இருக்கிறதுல ஒரு வேலை தெரியணும், என்ன வந்துச்சு, எவ்வளவு வந்துச்சு, எங்க மாட்டிக்கிச்சு, இவரு என்ன பண்ணாருன்னு. அதைப் படிச்சதும் இந்த வேலைக்கு என்ன டூல் தேவைப்பட்டிருக்கும்னு நானே ஊகிச்சுப் பாத்துட்டு, அப்புறமா மறைச்சதைத் திறந்து பார்ப்பேன். என் ஊகமும் அவரு எழுதினதும் ஒத்துப் போச்சுன்னா அந்த டூலுக்கு ஒரு டிக். ஒத்துப் போகலன்னா கேள்விக்குறி, பொய்னு அர்த்தம் இல்ல, கேக்கணும்னு மட்டும்தான் அர்த்தம். ஸ்கில்ஸ் கட்டத்துல இருந்து ஒரு ப்ராஜெக்ட்லயும் தலை காட்டாத டூலுக்கு வெறும் கோடு. இந்த ரெசியூம்ல குபர்நெட்டிஸ், டெராஃபார்ம், ஸ்னோஃப்ளேக் மாதிரி மூணு நாலு பெரிய டூலு இருக்குல்ல, அதுல டெராஃபார்மும் ஸ்னோஃப்ளேக்கும் எந்த ப்ராஜெக்ட்லயும் கிடையாது, ரெண்டுக்கும் கோடு போட்டுட்டு நகந்துடலாம், அதுல நேரம் செலவு பண்ண வேண்டாம்.

இப்ப முதல் ப்ராஜெக்ட், ரெண்டு வருஷம். அவரு எழுதினது: "180 கடைகளில் இருந்து தினமும் வரும் சிஎஸ்வி ஃபைல்களை ஸ்பார்க், ஏர்ஃப்ளோ, டாக்கர் மூலம் ப்ராசஸ் செய்து போஸ்ட்கிரெஸில் ஏற்றி தினசரி விற்பனை ரிப்போர்ட் உருவாக்கினேன். லோடு ஆகும் நேரத்தை 60 சதவீதம் குறைத்தேன்."

டூல் பேரை மறைச்சா மிச்சம் என்ன, 180 கடை, தினமும் ஃபைல், ஒரு டேட்டாபேஸ், ஒரு ரிப்போர்ட். இதுல அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க, யாரும் பண்ணாத வேலை இது ஆனா ரெண்டு நிமிஷம்தான் ஆகும். ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 1,500 பில் வரின்னு தாராளமாவே வச்சுக்கலாம். 180-ஆல பெருக்கினா 2,70,000 வரி. ஒரு வரிக்கு 100 பைட்டுன்னு வச்சா ஒரு நாளைக்கு வர்ற மொத்த டேட்டா 27 எம்பி. இதை ஒரு சாதாரண லேப்டாப்ல பைத்தான் ஸ்கிரிப்ட் ஒண்ணு சில நொடியில படிச்சு முடிச்சுடும், பாண்டாஸே போதும். ஸ்பார்க்ங்கிறது ஒரு மெஷினுக்குள்ள அடங்காத டேட்டாவைப் பல மெஷினுக்குப் பிரிச்சுக் குடுக்குறதுக்காக வந்தது, 27 எம்பிக்கு அதை ஓட்டினா வேலை செய்யுற நேரத்தை விட வேலையைப் பிரிச்சுக் குடுக்குற நேரம்தான் கூட இருக்கும். அதனால ஸ்பார்க்குக்கு கேள்விக்குறி.

இங்கதான் நிறைய பேரு அவசரப்பட்டு "பொய்" அப்படின்னு முடிவு கட்டிடுறாங்க. அப்படி இல்ல. ஒரே கணக்கை ரெண்டு வருஷத்துக்குப் போடுங்க, 2,70,000-ஐ 730 நாளால பெருக்கினா கிட்டத்தட்ட 19.7 கோடி வரி, 20 ஜிபி பக்கம் வரும். ரிப்போர்ட்ல ஒரு கணக்கு மாறிடுச்சு, பழைய டேட்டா முழுசையும் திரும்ப ஓட்டணும்னு வந்தா அப்ப ஸ்பார்க் எடுத்திருந்தா அதுல நியாயம் இருக்கு. இல்லன்னா கம்பெனியில ஏற்கனவே ஸ்பார்க் கிளஸ்டர் ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்திருக்கும், எல்லாரும் அதுலதான் ஓட்டணும்னு சொல்லியிருப்பாங்க, இதுவும் சகஜம்தான். ஆக நீங்க கேக்க வேண்டியது "ஸ்பார்க் தெரியுமா" இல்ல, "ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா வந்துச்சு, இதுக்கு ஏன் ஸ்பார்க்?" அப்படிங்கிறதுதான். உண்மையா ஓட்டினவரு உடனே ஒரு காரணம் சொல்லிடுவாரு, "தேவையே இல்லைங்க, அங்க அதான் இருந்துச்சு"ன்னு சொன்னாக்கூட அது நல்ல பதில்தான். அதுக்கு மேல ஒரு படி போகணும்னா, சின்ன டேட்டாவை ஸ்பார்க்ல ஓட்டும்போது குட்டிக் குட்டி ஃபைலா வந்து குவிஞ்சுதா, அதை என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. ஏன்னா `spark.sql.shuffle.partitions` அப்படிங்கிற செட்டிங்கோட டிஃபால்ட் 200. பழைய வெர்ஷன்கள்ல ஒரு ஜாயினோ குரூப்போ பண்ணி எழுதினா கையளவு டேட்டாவும் 200 துண்டா போய் விழும், 3.2-ல இருந்து ஸ்பார்க்கே தானா சேர்த்துக்கும். கையால ஓட்டினவரு இதுல ஏதோ ஒரு பக்கத்தையாவது பார்த்திருப்பாரு. பார்க்கலன்னா அதனாலயே தள்ளிடாதீங்க, அடுத்த கேள்விக்குப் போங்க.

அடுத்து நான் முதல்ல சொன்ன அந்த வரி. முதல் ப்ராஜெக்டோட நாலாவது பாயின்ட்டா, எந்த டூல் பேரும் இல்லாம இப்படி எழுதியிருக்காரு: "கடைகள் ஃபைல் ஃபார்மேட்டை மாற்றினால் லோடு நிற்பதைத் தவிர்க்க ஹெட்டரைச் சரிபார்த்து, தவறான வரிகளைத் தனி டேபிளுக்கு ஒதுக்கினேன். திரும்ப ஓட்டினால் டூப்ளிகேட் வராதபடி கடை எண், பில் எண், பில் வரி எண், தேதி ஆகியவற்றைக் கீயாக வைத்தேன்."

இதை நிதானமா படிங்க. இந்த வரியை வேலை பண்ணாதவரு எழுதுறது கஷ்டம். கடைக்காரங்க சொல்லாம கொள்ளாம ஃபைல்ல ஒரு நெடுவரிசையைக் கூட்டி அனுப்பிடுவாங்க, லோடு பாதியில நின்னுடும், காலையில ரிப்போர்ட் காலியா இருக்கும், திரும்ப ஓட்டுவோம், பாதி ஏற்கனவே ஏறியிருக்கும், விற்பனை டபுளா காட்டும். இந்த அவஸ்தையை அனுபவிச்ச ஆளுதான் நாலு நெடுவரிசை சேர்ந்த கீ வேணும்னு யோசிப்பாரு. பில் எண் மட்டும் போதாது, ரெண்டு கடையில ஒரே எண் வரலாம். ஒரு பில்லுல பத்து பொருள் இருந்தா பில் வரி எண் இல்லாம பத்தும் ஒண்ணா மோதிக்கும். பில் எண் வருஷா வருஷம் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிற கடையும் இருக்கும், அதனாலதான் தேதி. எதையும் விளக்காம நாலையும் சரியா வச்சிருக்காரு. இந்த ஒரு வரிக்காகத்தான் கூப்பிடுங்கன்னு சொன்னேன், எஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், பைத்தான் மூணுக்கும் இதை வச்சே டிக் போடலாம்.

ஏர்ஃப்ளோவுக்கும் இந்த வரியே மறைமுகமா சாட்சி சொல்லுது. ஏர்ஃப்ளோல வேலை பண்றவங்களுக்கு பழைய தேதிக்குத் திரும்ப ஓட்டுறதும், ஒரே தேதி ரெண்டு தடவை ஓடுறதும் அடிக்கடி நடக்குறது, அதனால "திரும்ப ஓட்டினாலும் கெடக்கூடாது"ங்கிற எண்ணம் தானாவே வந்துடும். அதுக்காக முழு டிக் குடுக்க முடியாது, சாதாரண கிரான் ஜாப்லயும் இந்தப் பிரச்சினை வரும். ஒரு கேள்வியில தெரிஞ்சுடும்: "ஸ்டார்ட் டேட் மூணு மாசம் பழசா வச்சு ஒரு `DAG`-ஐ ஆன் பண்ணா என்ன ஆகும்?" ஏர்ஃப்ளோ 2 வரைக்கும் `catchup` டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும், விட்டுப்போன அத்தனை நாளையும் வரிசையா ஓட்ட ஆரம்பிச்சுடும், 3-ல அது டிஃபால்ட்டா ஆஃப். அந்த விஷயத்துல மாட்டினவங்க அதை மறக்கவே மாட்டாங்க.

இனிமே வருஷக் கணக்கு. ஸ்கில்ஸ் கட்டத்துல "ஸ்பார்க், 4 வருஷம்"னு இருக்கு. மொத்த அனுபவம் நாலரை வருஷம், அதாவது 54 மாசம். முதல் ப்ராஜெக்ட் 24 மாசம், ரெண்டாவது 8 மாசம், ஸ்பார்க் பேரு வர்றது இந்த ரெண்டுல மட்டும்தான், கூட்டினா 32. மிச்சம் 22 மாசம் ஆரம்ப வேலையில போயிருக்கு, அங்க எக்ஸெல், எஸ்கியூஎல் வச்சு ரிப்போர்ட் சப்போர்ட்னு அவரே எழுதியிருக்காரு. ஆக அவரு எழுதினது எல்லாமே உண்மைன்னு எடுத்துக்கிட்டாலும், தினமும் ஸ்பார்க்ல மட்டுமே இருந்தாருன்னு வச்சாலும், 32 மாசத்தைத் தாண்டாது, 48 வர்றதுக்கு வழியே இல்ல. இந்த இடத்துலதான் உங்களுக்கு இடிச்சிருக்கும்னு நினைக்கிறேன், ஏன்னா தேதி ஒரு பக்கத்துல இருக்கு, வருஷம் இன்னொரு பக்கத்துல இருக்கு, கண்ணு ரெண்டையும் சேர்த்துப் பார்க்காது. ஒரு துண்டு பேப்பர்ல ஒவ்வொரு வேலைக்கும் மாசத்தை எழுதி, அதுக்கு நேரா அதுல வர்ற டூலை எழுதிப் பாருங்க, தெளிவா தெரிஞ்சுடும்.

ரெண்டாவது ப்ராஜெக்டுக்கு வருவோம், இதுதான் பலவீனமான இடம். "காஃப்கா மற்றும் ஸ்பார்க் ஸ்ட்ரீமிங் கொண்டு ரியல் டைம் வாடிக்கையாளர் நிகழ்வு பைப்லைன் வடிவமைப்பில் பங்கேற்றேன். பைப்லைன் குபர்நெட்டிஸில் டிப்ளாய் செய்யப்பட்டது. 99.99 சதவீத துல்லியம் எட்டப்பட்டது."

பென்சிலால மறைச்சுப் பாருங்க, ஒண்ணுமே மிஞ்சாது. என்ன நிகழ்வு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை, எங்க போய் சேர்ந்துச்சு, யாரு பயன்படுத்தினாங்க, எதுவும் இல்ல. முதல் ப்ராஜெக்ட்ல "ஏற்றி, உருவாக்கினேன், ஒதுக்கினேன், வைத்தேன்"னு எழுதின அதே ஆளு இங்க "பங்கேற்றேன், செய்யப்பட்டது, எட்டப்பட்டது"ன்னு மாறிட்டாரு. ஒரே ரெசியூமுக்குள்ள வினை இப்படி மாறுறதை நான் ரொம்ப கவனிப்பேன், ஒருத்தரோட எழுத்து நடை இதுன்னு சொல்லித் தள்ள முடியாது, ஏன்னா பக்கத்துலயே அவரால நேரா எழுத முடிஞ்சிருக்கு. பெரும்பாலும் இதுக்கு அர்த்தம், டீம் பண்ணுச்சு, இவரு பக்கத்துல இருந்தாரு, அல்லது கடைசி ரெண்டு மாசம் வந்து சேர்ந்தாரு.

காஃப்காவோட வேலை பண்ணா என்ன தடம் விழும்னு உங்களுக்கே தெரியும். கன்ஸ்யூமர் பின்தங்குறது, ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வர்றது, பார்ட்டிஷன் எண்ணிக்கையை விட கன்ஸ்யூமர் அதிகமா போட்டா மிச்சம் சும்மா நிக்கிறது, லேட்டா வந்த நிகழ்வை எந்த மணிக்கணக்குல சேர்க்குறதுங்கிற சண்டை. எட்டு மாசத்துல இதுல ஒண்ணாவது அவரு ரெசியூம் வரைக்கும் வந்திருக்கணும். சிஎஸ்வி ஃபைலோட ஹெட்டர் மாறினதையே பதிவு பண்ணின ஆளு, காஃப்காவுல டூப்ளிகேட் வந்து அதைச் சரி பண்ணியிருந்தா எழுதாம விட்டிருப்பாரா? அதான் காஃப்காவுக்கும் கேள்விக்குறி, குபர்நெட்டிஸுக்கு கிட்டத்தட்ட கோடு.

அந்த 99.99-ஐயும் 60 சதவீதத்தையும் சேர்த்துப் பேசிடலாம், ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒண்ணு இல்ல.

ஒரு எண்ணை நம்பணும்னா எதுல இருந்து எதுக்கு, எப்படி அளந்தீங்க, அதுல உங்க கை எது, இந்த மூணும் வேணும். 60 சதவீதத்துக்கு மூணுமே ரெசியூம்ல இல்ல, ஆனா கேட்டா கிடைக்கும். "முன்னாடி எவ்வளவு நேரம் ஆச்சு, அப்புறம் எவ்வளவு, எது மெதுவா இருந்துச்சு?" 27 எம்பி லோடு ஆகுறதுக்கு மணிக்கணக்கு ஆச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருந்தே ஆகணும். "வரிக்கு வரி `INSERT` போட்டு ஒவ்வொண்ணுக்கும் கமிட் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, `COPY`-க்கு மாத்தினேன்"னு சொன்னா நம்பலாம், ஆனா அப்படி மாத்தினா 60-ஐ விட நிறையவே குறையும், அதனால "அப்ப மிச்ச நேரம் எங்க போச்சு?"ன்னு அடுத்த கேள்வி வச்சுக்கோங்க. "மிச்ச நேரம் கடையில இருந்து ஃபைல் வர்றதுக்கே காத்திருந்தோம், அதை என்னால குறைக்க முடியல"ன்னு பதில் வந்தா அதை விட நல்ல பதில் கிடையாது, தன்னால எது முடியலன்னு சொல்றவருக்கு எது முடிஞ்சுதுன்னு நிச்சயமா தெரிஞ்சிருக்கு. மாறா "ஆப்டிமைஸ் பண்ணோம், பெர்ஃபார்மன்ஸ் டியூனிங் பண்ணோம்"னு பொதுப்படையாவே மூணு தடவை சுத்தி வந்தா அந்த எண்ணை அடிச்சுடுங்க.

99.99 துல்லியம் வேற கதை. பத்தாயிரத்துல ஒண்ணுதான் தப்புன்னு சொல்றாரு. நாளைக்கு 10 லட்சம் நிகழ்வு வந்தா 100 தப்பு. சரி, அந்த 100 தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது? தப்பை எண்ணணும்னா சரியானது எதுன்னு சொல்ற இன்னொரு மூலம் வேணும், அதோட தினமும் ஒப்பிடுற ஒரு ஜாப் இருக்கணும். அது இருந்தா அதைக் கட்டினதே பெரிய வேலை, ரெசியூம்ல முதல் வரியா வந்திருக்கும். இல்லாம இந்த எண்ணு பிறக்கவே முடியாது. பல நேரம் சர்வர் எத்தனை நேரம் ஓடுச்சுங்கிற கணக்கை எடுத்து துல்லியம்னு எழுதிடுவாங்க, வேணும்னு பண்றதில்ல, புரியாம பண்றது, ஆனா புரியலங்கிறதும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இது ரெண்டையும் தாண்டி "சிறந்த டீம் ப்ளேயர்", "விரைவாகக் கற்பவர்", "என்ட் டு என்ட் நிபுணத்துவம்"னு நாலு வரி இருக்கு பாருங்க, அதை நீங்களும் சோதிக்க முடியாது, நானும் சோதிக்க முடியாது, எழுதினவராலயும் நிரூபிக்க முடியாது. பிளஸ்ஸும் இல்ல மைனஸும் இல்ல, கண்ணை எடுத்துட்டு அடுத்த வரிக்குப் போங்க. இதை வச்சு மார்க் குறைக்கிற ஆளுங்களைப் பார்த்திருக்கேன், அது அநியாயம், இப்படி எழுதச் சொல்லித்தான் எல்லாருக்கும் சொல்லித் தர்றாங்க.

கடைசியில இருக்கிற கிட்ஹப் லிங்க்கை மறைச்சுட்டீங்க, அதனால நீங்களே பாருங்க. ரெப்போவை இறக்கிட்டு இந்த ரெண்டு வரி ஓட்டினா போதும்:

```
git shortlog -sn --all
git log --all --date=short --name-only --format='%ad %an %s'
```

முதல் வரி யாரு எத்தனை கமிட்னு காட்டும், ரெண்டாவது எந்தத் தேதியில என்ன நடந்துச்சுன்னு காட்டும். வேற ஆளுங்க எழுதின 300 கமிட்டும் இவரோட ரெண்டு கமிட்டும், அந்த ரெண்டும் ரீட்மீ ஃபைல்ல மட்டும்னா அதை இவரோட ப்ராஜெக்டா எடுத்துக்க முடியாது. ஒரே நாள்ல ஒரே கமிட்டா முழு ப்ராஜெக்டும் வந்து விழுந்திருந்தா சந்தேகப்படலாம், ஆனா முடிவு பண்ண முடியாது, பாஸ்வேர்டு இருந்ததால பழைய ஹிஸ்டரியை அழிச்சுட்டு புதுசா போட்டேன்னு சொன்னா அது நியாயமான காரணம். கமிட்ல வர்ற பேரையும் தேதியையும் யாரு வேணாலும் மாத்தி எழுத முடியும்ங்கிறதையும் மனசுல வச்சுக்கோங்க. கிட்ஹப்பே இல்லாதவங்களுக்கு ஒரு மார்க்கும் குறைக்காதீங்க, ஆபீஸ் ப்ரோகிராமை வெளியில போட பெரும்பாலான பேருக்கு அனுமதி கிடையாது, வீட்டுல வந்து ப்ரோகிராம் எழுத நேரம் இருக்கிறது எல்லாருக்கும் அமையாது. சர்ட்டிஃபிகேட் போட்டிருந்தா அது இன்னும் சுலபம், ஏடபிள்யூஎஸ் மாதிரி இடங்கள்ல ஒவ்வொண்ணுக்கும் சரிபார்க்கிற எண்ணு இருக்கு, அதைக் கேட்டு வாங்கிப் பாத்துடலாம். அது பரீட்சை பாஸ் பண்ணதைத்தான் சொல்லும், வேலை பண்ணதைச் சொல்லாது.

கோடு விழுந்த டூலுங்களைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், இதுல எனக்கு ரொம்ப அக்கறை உண்டு. ப்ராஜெக்ட்ல வராத டூலை ஸ்கில்ஸ்ல போடுறவரு எல்லாரும் ஏமாத்துறவங்க இல்ல. வேலை விளம்பரத்துல இருக்கிற வார்த்தை ரெசியூம்ல இல்லன்னா ஃபில்டர்லயே போயிடும்னு பயந்து போடுறாங்க, சில நேரம் நடுவுல இருக்கிற ஏஜென்சி அவங்களுக்கே தெரியாம வார்த்தையைச் சேர்த்து அனுப்புது. உங்க கம்பெனி விளம்பரத்தையே ஒரு தடவை எடுத்துப் பாருங்க, அதுல 15 டூல் கேட்டிருந்தா 22 டூல் போட்ட ரெசியூம் வர்றதுல ஆச்சரியம் இல்ல. அதனால பேச ஆரம்பிக்கும்போதே, "இந்த லிஸ்ட்ல கையால நீங்களே எழுதி ஓட்டினது எது, கூட இருந்து பாத்தது எது, கோர்ஸ்ல படிச்சது எது, பிரிச்சு சொல்லிடுங்க, எதுவா இருந்தாலும் பரவாயில்ல"ன்னு கேட்டுடுங்க. நிறைய பேரு நிம்மதியா மூச்சு விட்டுட்டு பாதியை அவங்களே அடிச்சுடுவாங்க. அப்படி அடிக்கிறவரை நான் கூடுதலா மதிக்கிறேன். இந்த வாய்ப்பு குடுத்த பிறகும் 22-ம் கையால பண்ணேன்னு சொல்றவர்கிட்டதான் ஆழமா கேட்டுப் பார்க்கணும்.

காஃப்காவுக்குக் கேக்கும்போது டெஃபனிஷன் கேக்காதீங்க, "டாபிக்னா என்ன, டிஃபால்ட் போர்ட் என்ன"ங்கிறதெல்லாம் ராத்திரி ஒரு மணி நேரம் படிச்சா வந்துடும். அவரோட ப்ராஜெக்டுக்குள்ளயே நின்னு கேளுங்க: "கன்ஸ்யூமர் எழுதினது யாரு, நீங்க தொட்ட ப்ரோகிராம் எது, ஒரே நிகழ்வு ரெண்டு தடவை வந்தப்ப என்ன பண்ணீங்க?" முதல் ப்ராஜெக்ட்ல டூப்ளிகேட்டை அவ்வளவு அழகா கையாண்டவரு இங்கயும் அதே மாதிரி பேசினா காஃப்காவுக்கும் டிக் போட்டுடுங்க, எழுதத் தெரியாம விட்டுட்டாருன்னு அர்த்தம். "காஃப்காவை ப்ளாட்ஃபார்ம் டீம் பாத்துக்கிட்டாங்க, டாபிக் அவங்க குடுத்தாங்க, நான் அதுல இருந்து படிச்சு டேபிள்ல எழுதுற பகுதியை மட்டும் பண்ணேன்"னு சொன்னா அதுவும் முழுசா ஏத்துக்கக் கூடியது, வேலையோட அளவு சுருங்குது, ஆனா சுருங்கினது உறுதியாகுது. ரகசிய ஒப்பந்தம் இருக்கு சொல்ல முடியாதுன்னா அதையும் மதிங்க, கம்பெனி பேரோ எண்ணோ வேண்டாம், பிரச்சினை என்ன மாதிரின்னு மட்டும் சொல்லுங்கன்னா போதும், சாதாரணமா எந்த ஒப்பந்தமும் "டூப்ளிகேட்டை எப்படித் தடுத்தீங்க"ங்கிறதைப் பொதுவா பேசறதைத் தடுக்காது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. நல்லா எழுதத் தெரிஞ்ச ஆளு தடத்தையும் சேர்த்தே ஜோடிச்சு எழுதிடலாம், அடுத்தவரு பட்ட கஷ்டத்தைத் தான் பட்டதா எழுதலாம், பேப்பர்ல அதைக் கண்டுபிடிக்க முடியாது. எதிர்ப்பக்கம், வேலையில கெட்டிக்காரங்க சிலரு ரெண்டு வரிக்கு மேல எழுதவே மாட்டாங்க, அவங்களுக்கு டிக்கே விழாது. அதனால பேப்பர்ல விழுற குறியை வச்சு ஆளைத் தள்ளாதீங்க, அதை வச்சு கேள்வி மட்டும் தயார் பண்ணுங்க. பழைய கம்பெனியில விசாரிச்சா பெரும்பாலும் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி இவ்வளவுதான் சொல்வாங்க, டூல் விஷயத்துக்கு அது உதவாது. அவரு இப்ப இருக்கிற இடத்துக்கு அவருகிட்ட கேக்காம ஃபோன் போட்டுடாதீங்க, வேலைக்கே ஆபத்தாயிடும்.

40 ரெசியூமுக்கும் இதை முழுசா பண்ண முடியாதுன்னு நினைக்காதீங்க, ஒண்ணுக்கு பத்து நிமிஷம் வச்சா போதும். முதல்ல உங்க வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படுற டூல் மூணு, நாலை மட்டும் எழுதி வச்சுக்கிட்டு அதுக்கு மட்டும் டிக், கேள்விக்குறி, கோடு போடுங்க, மிச்சத்தைப் பார்க்கவே வேண்டாம். கூப்பிடுற எல்லார்கிட்டயும் அந்தப் பிரிச்சு சொல்ற கேள்வியை ஒரே மாதிரி கேளுங்க, ஒருத்தர்கிட்ட கடுமையாவும் இன்னொருத்தர்கிட்ட லேசாவும் வேண்டாம்.

இவருக்கு ஹெச்ஆர்கிட்ட குடுக்குற குறிப்பு நான் எழுதினா இப்படி எழுதுவேன்: "எஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், பைத்தான் வேலையில தெரியுது, டேட்டா லோடு தவறுகளைக் கையாண்ட விதம் நல்லா இருக்கு. ஏர்ஃப்ளோ அனேகமா உண்டு, ஒரு கேள்வி கேட்டு உறுதி பண்ணணும். டாக்கர் பேரளவுல இருக்கு, அது இந்த வேலைக்கு முக்கியம் இல்ல. ஸ்பார்க் 4 வருஷம்னு இருக்கு, ப்ராஜெக்ட் தேதிப்படி அதிகபட்சம் 32 மாசம், விளக்கம் கேக்கணும். காஃப்கா, குபர்நெட்டிஸ்ல அவரோட சொந்தப் பங்கு தெரியல. 60 சதவீதம், 99.99 சதவீதம் ரெண்டும் அளந்த விதம் கேக்கணும், அதுவரைக்கும் கணக்குல எடுக்கல." உங்க வேலைக்கு காஃப்காதான் உயிர்னா இவரு பின்வரிசை. தினசரி லோடு, ரிப்போர்ட் இதுதான் வேலைன்னா இந்த வாரமே கூப்பிட்டுப் பேசிடுங்க.